எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தேதி சொல்லுங்கள்

"இன்னாம்மா, துட்டு வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லு."

மேசையில் ஓங்கித் தட்டிவிட்டு இப்படிக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் இருபத்திரண்டு வயதுப் பெண். இடம், மணலி புதுநகரில் ஒரு வீட்டின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்க, உள்ளே வங்கி வேலைக்கான மாதிரி நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. மணலியின் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்பவர்களின் பிள்ளைகள் எட்டுப் பேர். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

தனியார் வங்கிகளும் கால் சென்டர்களும் நேர்காணலின் நடுவே திடீரென்று ஒரு நாடகம் போடுகின்றன. "நான்தான் வாடிக்கையாளர். கோபமாக வந்திருக்கிறேன். என்னைச் சமாளியுங்கள்" என்று தேர்வாளர் சொல்வார். அடுத்த சில நிமிடங்களுக்கு அவர் கத்துவார். அதுவரை மனப்பாடம் செய்து வந்த சுய அறிமுகமும், பலம் பலவீனங்களும் அங்கே உதவாது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் வாயடைத்துப்போவது அந்த இடத்தில்தான் என்கிறார் அந்த அதிகாரி.

அரசு வங்கிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. கிளார்க் வேலைக்கு நேர்காணலே கிடையாது. அந்தப் பதவிக்கு 2025-ல் ஐ.பி.பி.எஸ். வைத்த பெயர் 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்'. கவுன்டரில் முதலில் திட்டு வாங்கப்போகிறவர் அவர்தான்; ஆனால் அவரை வேலைக்கு எடுக்கும்போது அந்தத் திறமையை யாரும் சோதிப்பதில்லை. புரொபேஷனரி ஆபீசர் பதவிக்கு 100 மதிப்பெண்ணுக்கு நேர்காணல் உண்டு. மெயின் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில் இறுதிப் பட்டியல் தயாராகும். அங்கே பெரும்பாலும் நாடகத்துக்குப் பதிலாகக் கேள்வியாக வரும்: "கவுன்டரில் ஒருவர் சத்தம் போடுகிறார், பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது, என்ன செய்வீர்கள்?" கேள்வியாக வந்தாலும் நாடகமாக வந்தாலும் தேர்வாளர் பார்ப்பது ஒன்றைத்தான்.

அது என்ன என்று புரிந்துகொள்ள, அன்று அந்த அறையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கதை இதுதான். வாடிக்கையாளர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. 3-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது, வழியில் இருந்த வேறொரு வங்கியின் ஏ.டி.எம்-மில் 8,000 ரூபாய் எடுக்கப் பார்த்தார். இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் 8,000 கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம். இன்றைக்கு 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தன் கணக்கு இருக்கும் கிளைக்கு வந்து நிற்கிறார்.

முதலில் ஓர் இளைஞர் உட்கார்ந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைல். அதிகாரி கத்த ஆரம்பித்ததும், "சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ் சார், ப்ளீஸ் காம் டவுன் சார்" என்றார். கோச்சிங் சென்டரில் சொல்லிக்கொடுத்த வாசகம். அதிகாரியின் குரல் இன்னும் ஏறியது. "இன்னா தம்பி, எனக்குப் புரியாதுன்னு இங்கிலீஷ்ல பேசுறியா?" இளைஞர் தடுமாறினார். "சார், அது எங்க ஏ.டி.எம். கிடையாது. அந்த பேங்க்ல போய் கேளுங்க" என்றார். அதோடு நாடகத்தை நிறுத்திவிட்டார் அதிகாரி.

அந்த இரண்டாவது பதில்தான் ஆளைக் கவிழ்த்தது. தன்மை குறைவாக இருந்தது என்பதைவிட, தகவலே தவறு என்பதுதான் பெரிய குறை. எந்த வங்கியின் ஏ.டி.எம்-மில் பணம் சிக்கினாலும், புகாரை வாங்க வேண்டியது கார்டு கொடுத்த வங்கி. அதாவது, அந்தத் தொழிலாளி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவரை வேறு இடத்துக்குத் துரத்தினால் கோபம் ஏன் குறையப்போகிறது?

அடுத்து உட்கார்ந்தவர்தான் முதலில் சொன்ன பெண். அவர் உடனே பேசவில்லை. அதிகாரி மூச்சு வாங்கும்வரை கத்தவிட்டார். அரை நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து நின்று, "ஐயா, இப்படி உட்காருங்க. எட்டாயிரம் ரூபா, ஏ.டி.எம்-ல வரல, கணக்குல கழிஞ்சிடுச்சு. அதானே? என்னிக்குப் போட்டீங்க?" என்றார்.

இந்த ஒரு வரியில் மூன்று வேலைகள் நடந்துவிட்டன. நிற்கிறவரை உட்கார வைத்தாயிற்று. உட்கார்ந்துகொண்டு அதே சத்தத்தில் கத்துவது யாருக்கும் கடினம். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதால், கேட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. கடைசியாக, பதில் சொல்லித்தான் ஆக வேண்டிய ஒரு கேள்வி. தேதியை நினைவுபடுத்தப் போகும்போது மனிதர் தானாகவே கொஞ்சம் நிதானத்துக்கு வருகிறார். அதிகாரியும் வாடிக்கையாளராகவே இருந்து, "போன திங்கக்கெழம ராத்திரி. மூணாந்தேதி" என்றார், குரலைத் தாழ்த்தி.

இங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏ.டி.எம்-மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வர வேண்டும். நாட்காட்டி நாள் கணக்கு. ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேரும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே அவர் கணக்கில் சேர வேண்டும். 3-ஆம் தேதி எடுத்த பணம் 8-ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். இன்று 11. ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று நாள் தாமதம். வங்கி அவருக்கு 8,000 தர வேண்டும், அதோடு இன்றைய கணக்குப்படி 300 ரூபாயும் தர வேண்டும்.

அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து, விரல்விட்டு எண்ணி, அதை எழுதியே காட்டினார். "ஐயா, எட்டாந்தேதியே வந்திருக்கணும். வரல. நீங்க கோவப்படுறது நியாயம். எட்டாயிரத்தோட, லேட்டான ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபா சேர்த்து வரணும். இப்பவே புகார் பதியுறேன்."

கவனியுங்கள், இதில் 'சாரி' என்ற சொல்லே இல்லை. மன்னிப்புக் கேட்பதில் தவறில்லை. ஆனால் வெறும் மன்னிப்பு கோபத்தைத் தணிப்பதில்லை. அந்தத் தொழிலாளியின் கோபம் பணம் போனதால் மட்டும் வந்ததா? எப்போது வரும் என்று யாருமே சொல்லாததால் வந்தது. ஒரு தேதியும் ஒரு தொகையும் ஒரு புகார் எண்ணும் கைக்கு வந்தால் அதில் பாதி இறங்கிவிடுகிறது. நாற்பது வருடம் எல்லா வகைக் கவுன்டர்களுக்கும் இந்தப் பக்கம் நின்ற அனுபவத்தில் நானும் இதைச் சொல்வேன்.

அடுத்து புகார். இதையும் அந்த அறையில் படிப்படியாகச் செய்து பார்த்தார்கள். பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் கேட்டபோது அதிகாரி மறுபடி சீறினார்: "பத்து வருஷமா இங்க கணக்கு வெச்சிருக்கேன், எனக்கே அத்தாட்சி கேக்குறியா?" பெண் சிரிக்காமல், பதறாமல் சொன்னார்: "உங்க கணக்கு விவரத்தை வேற யாராவது வந்து கேட்டா நான் குடுத்துடக் கூடாதில்ல ஐயா. அதுக்குத்தான்." தேர்வாளர்கள் வேண்டுமென்றே வைக்கிற கண்ணி இது. கோபத்துக்குப் பயந்து, அடையாளம் சரிபார்க்காமல் கணக்கு விவரத்தைச் சொன்னவர் எவ்வளவு இனிமையாகப் பேசியிருந்தாலும் தேற மாட்டார். போனில் நடக்கும் நேர்காணலில் இதே கண்ணி வேறு உருவில் வரும். மனைவியின் கணக்கைப் பற்றிக் கணவர் கத்துவார். அவரிடமும் விவரம் சொல்லக் கூடாது. மனைவியைப் பேசச் சொல்ல வேண்டும்.

பிறகு அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஏ.டி.எம். சீட்டை எடுத்தார். நாடகத்துக்காக உண்மையான பழைய சீட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். நான்காய் மடித்த சின்னத் தாள், வியர்வை பட்டு ஓரம் மஞ்சளாகி இருந்தது. எழுத்து வெளிறி, தொகையின் கடைசி இரண்டு பூஜ்யங்களும் இயந்திரத்தின் எண்ணும் மட்டுமே தெரிந்தன. வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. சட்டைப் பையில் நாள்கணக்கில் கிடந்தால் எழுத்து போய்விடும். அந்தச் சீட்டில் தேதி, நேரம், இயந்திர எண், பரிவர்த்தனைக்கான குறிப்பெண் எல்லாம் இருக்கும். சீட்டு இல்லாவிட்டாலும் புகார் பதியலாம், எஸ்.எம்.எஸ்-ஸும் கணக்குப் பதிவுமே போதும். ஆனால் இருந்தால் தேடுவது சுலபம்.

புகார் போனபின் உள்ளே என்ன நடக்கிறது என்பது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருந்தால், அவர் பேச்சில் அது தெரியும். இயந்திரம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு ஜர்னலில் பதிவு செய்கிறது. நோட்டு சிக்கினால் அது வெளியே வராமல் உள்ளேயே ஒரு பெட்டியில் விழும். பணம் நிரப்ப வருகிறவர்கள் எண்ணிப் பார்க்கும்போது, கணக்கைவிட எட்டாயிரம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் தொகையும் ஜர்னலும் ஒத்துப்போனால் பணம் யாருடையது என்று தெளிவாகிவிடும். ஏ.டி.எம். வைத்திருக்கும் வங்கி, "பணம் சரியாகப் போயிருக்கிறது" என்று பதில் அனுப்பினால் விஷயம் அங்கே முடிந்துவிடாது. ஜர்னல் நகலையும் கேமரா பதிவையும் கேட்கலாம். இதை வாடிக்கையாளருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிந்த பிள்ளையை எந்தத் தேர்வாளரும் எளிதில் விட மாட்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அதிகாரி, எழுந்து போகிற பாவனையில், முணுமுணுப்பாக ஒன்று சொன்னார்: "நேத்து ராத்திரி ஒரு ஆளு போன்ல பேசுனான். எட்டாயிரத்த வாங்கித் தர்றேன்னு சொல்லிகினு ஏதோ நம்பர் கேட்டான்."

பெண் புகார் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். எழுதி முடித்துத் தாளை நீட்டினார். நாடகம் முடிந்தது.

அறையே அமைதியாக இருந்தது. "நீ நல்லாத்தான் பண்ணம்மா. ஆனா இப்ப அவர் வீட்டுக்குப் போறதுக்குள்ள கணக்கு காலியாகியிருக்கும்" என்றார் அதிகாரி.

கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் இடம் இது. கோபமாக வருகிறவரிடம் கோபம் மட்டுமா இருக்கிறது? சத்தத்துக்கு அடியில் ஒரு தகவல் இருக்கும். அவரே அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். ஆளைச் சாந்தப்படுத்துவதில் மட்டும் குறியாக இருப்பவர் அதைத் தவற விடுகிறார். பணம் வராத கவலையில் வங்கியின் எண்ணை இணையத்தில் தேடி, மோசடிக்காரர்கள் போட்டுவைத்த போலி எண்ணுக்கு அழைத்து, ஓ.டி.பி-யைச் சொல்லி இருந்ததையும் இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஏ.டி.எம்-மில் சிக்கிய எட்டாயிரம் எங்கேயும் போகாது, பெட்டிக்குள் இருக்கிறது. மோசடிக்காரன் கைக்குப் போன பணம் நிமிடக் கணக்கில் நான்கைந்து கணக்குகளுக்குத் தாவிவிடும்.

அதனால் அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் வரிசை தலைகீழாக மாற வேண்டும். "என்ன நம்பர் கேட்டான் ஐயா? சொன்னீங்களா?" என்பது முதல் கேள்வி. சொல்லியிருந்தால், புகார் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, கார்டையும் யு.பி.ஐ-யையும் நெட் பேங்கிங்கையும் உடனே முடக்க வேண்டும். கணக்கில் வேறு எதுவும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போயிருந்தால் அங்கேயே 1930-க்கு அழைக்க வைக்க வேண்டும். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண்.

அவசரத்துக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது. தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆக, கவுன்டரில் அவர் வாயைத் திறந்து சொன்ன அந்த நொடியைப் பதிவு செய்வது அவருக்குப் பெரிய பாதுகாப்பு. "காலை 10.40-க்குச் சொன்னார்" என்று நேரத்தோடு எழுதிக் கொடுக்கிற ஊழியர், அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி சாதாரணமானதில்லை.

இரண்டாவது முறை அதே பெண்ணை உட்கார வைத்தார்கள். அதிகாரி முணுமுணுப்பை இந்தத் தடவை நடுவிலேயே, கத்தலோடு கத்தலாகச் செருகினார். பெண் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, அது ஒரு நிமிஷம் இருக்கட்டும். யார் பேசினது? எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொரு குறையும் அன்று வெளிப்பட்டது. மூன்றாவதாக வந்த இளைஞர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் "நாளைக்கே வந்துடும் சார், நான் கேரண்டி" என்றார். ஆளை அனுப்பிவைக்கும் ஆசை. வேறு வங்கியின் இயந்திரம், வேறு வங்கியின் ஜர்னல். நாளைக்கு வரும் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? வராவிட்டால் நாளை மறுநாள் அதே மனிதர் இரட்டிப்புக் கோபத்தோடு வருவார். இம்முறை அவர் பக்கம் இன்னும் பலமாக நியாயம் இருக்கும். சொல்லக் கூடியது இவ்வளவுதான்: "இன்னிக்கே அந்த பேங்குக்கு அனுப்புறேன். வெள்ளிக்கிழமை மதியம் நானே உங்களுக்குப் போன் பண்றேன், வந்தாலும் வராட்டியும்." 'வராட்டியும்' என்ற அந்தச் சொல் முக்கியம். தன் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுப்பது.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அதைச் சொல்ல எல்லாரும் தயங்கினார்கள். புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பரிவர்த்தனை என்று தனித்தனியாக இருந்த ஆம்பட்ஸ்மேன் திட்டங்களை 2021 நவம்பரில் ஒன்றாக்கினார்கள். கட்டணம் இல்லை, cms.rbi.org.in தளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். "வேலை கேட்டுப் போன இடத்தில், வங்கி மேலேயே புகார் செய்ய வழி சொன்னால் எடுப்பார்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான பயம். அதிகாரியின் பதில், சொல்ல வேண்டும் என்பதுதான். அந்த விவரம் கிளையின் அறிவிப்புப் பலகையிலேயே எழுதி இருக்க வேண்டிய ஒன்று. மறைப்பவர்மேல் வரும் சந்தேகம் சொல்பவர்மேல் வராது. எனக்கும் அதே கருத்துதான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சைப் பற்றி ஒரு கூச்சம் இருக்கிறது. 'இன்னா', 'துட்டு' என்று வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, நேர்காணலில் பாதி ஆங்கிலமும் பாதிப் புத்தகத் தமிழுமாகப் பேசித் திணறுகிறார்கள். தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் பேசுங்கள். ஆனால் நாடகம் தொடங்கியதும் எதிரே இருப்பவர் தேர்வாளர் இல்லை, மணலியிலோ எண்ணூரிலோ இருந்து வந்த ஒரு தொழிலாளி. அவரிடம் "ஐயா, உட்காருங்க" என்று பேச இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அரசு வங்கிகளின் கிளார்க் தேர்விலும் மாநில மொழித் தேர்ச்சி கட்டாயம்தான்.

மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் ஒரு தனியார் வங்கியில் உண்மையான நேர்காணல். படியிறங்கும்போது, 3-ஆம் தேதி, 8-ஆம் தேதி, 300 ரூபாய் என்று எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏ.டி.எம்-மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், சீட்டை அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். உங்கள் கார்டின் பின்பக்கமே இருக்கிறது. ஆறாவது நாளும் பணம் வரவில்லையென்றால், கணக்கு இருக்கும் கிளைக்குப் போய் உங்கள் பணத்தோடு நாளுக்கு நூறு ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள்.